ஆன்ஸர் என்று மட்டும் வந்த நாள்

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். குழித்துறையில் வேலை பார்த்த அந்த மூன்று வருடமும் என் மூக்கு ஏறக்குறைய சிவந்தேதான் இருந்தது. காரணம் ஒரு சொல். 'ஆன்ஸர்.' ஆங்கில எழுத்தில், சில சமயம் எழுத்துப் பிழையோடு, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாமல் அது வரும்.

இரும்புக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் விவசாயத் தகவல் மையம். ஒரு கம்ப்யூட்டர், அதோடு கம்பியில் தொங்கும் தீப்பெட்டி அளவு மோடம், அதற்குள் ஒரு சிம் கார்டு. விவசாயிகள் அந்த எண்ணுக்குக் கேள்வியை எஸ்.எம்.எஸ். அனுப்புவார்கள். விவசாயப் படிப்பு முடித்த நான் உட்கார்ந்து பதில் தட்டி அனுப்புவேன். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய காலம். எல்லோர் கையிலும் பட்டன் போன்தான். தமிழைத் தமிழில் எழுத வழியில்லை. வாழை இலை மஞ்சளாகிறது என்பதை ஆங்கில எழுத்தில் படித்துப் படித்து, வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட நான் அப்படி எழுதத் தொடங்கியிருந்தேன்.

மையத்தின் பொறுப்பாளர் ஒரு சார். நல்ல மனிதர். ஆனால் எதையும் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவரோடு கூடப் பிறந்தது. ஊர் ஊராக ஒட்டிய நோட்டீசின் கடைசி வரி அவர் கைவண்ணம்: 'பதில் கிடைக்காவிட்டால் ANSWER என்று மட்டும் அனுப்பவும்.' மட்டும் என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார். விவசாயிகளுக்கு வேலை மிச்சம், சில்லறை மிச்சம் என்பது அவர் கணக்கு. எங்கள் ஜனம் நோட்டீசில் போட்ட மற்ற எதையும் கேட்டதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்தான் என்பார்களே, அதுதான். எந்தத் தாதன், எந்தக் குட்டை? ஆன்ஸர் என்று ஒருவர் அனுப்பினால் அவர் மனதில் கேள்வி முழுசாக இருக்கிறது. அவருக்கு அது பளிச்சென்று தெரிகிறது. அதனால் எனக்கும் தெரியும் என்று நினைக்கிறார். என் திரையில் இருப்பதோ ஒரு எண், ஒரு நேரம், ஒரு சொல். எங்கள் சாப்ட்வேர் அந்தச் சொல்லைப் பழைய கேள்வியோடு சேர்த்துக் கட்டாது. ஒவ்வொரு செய்தியும் அதற்குத் தனித்தனி. பதில் போகாத செய்தி சிவப்பில் நிற்கும், போனது பச்சையாகும். சாருக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது.

"ஒரு மணிக்கூறுக்குள்ள எல்லாம் பச்சையாகணும் கேட்டியா" என்பார். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பச்சையாக்கினேன். எப்படி? குருட்டாம்போக்கில்தான். சனிக்கிழமை ஆபீஸ் உண்டா என்று கேட்டவருக்கு, தென்னைக் குருத்தில் காண்டாமிருக வண்டு வராமல் இருக்க வேப்பம் பிண்ணாக்கையும் மணலையும் கலந்து வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்குத் தென்னையே கிடையாது. கதை டீக்கடை வரைக்கும் போய், "வேப்பம் பிண்ணாக்கு டீச்சர்" என்று எனக்குப் பேரும் வந்தது. சிரித்துவிட்டு விட்டேன்.

சிரிக்க முடியாதது அடுத்து வந்தது. ஆன்ஸர் என்று ஒரு எண்ணிலிருந்து வந்தது. அந்த எண்ணின் பழைய செய்தியைத் தேடினேன். இரண்டு மாதம் முன்பு, தேனீ வளர்ப்புப் பயிற்சியைப் பெண்களும் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். சரி, அதற்குத்தான் நினைவூட்டுகிறார் என்று நானே முடிவு கட்டி, 'ஆமாம், தாராளமாகச் செய்யலாம்' என்று அனுப்பினேன். திரை பச்சையானது. சாப்பிடப் போனேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் மாடியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர் என்பது விரல்களிலேயே தெரிந்தது. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு தேன் அடைச் சட்டத்தை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். அடை காலியாக இருந்தது. அவர் பயிற்சியில் எப்போதோ சேர்ந்து முடித்து, இரண்டு பெட்டி வாங்கி வைத்திருந்தாராம். பெட்டியில் மேல்வெயில் அடிக்கிறது, ஐம்பது அடி தள்ளிப் பலாமர நிழலுக்கு மாற்றலாமா என்று எங்கள் ஆபீஸ் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். எடுத்தவர் சார். மெசேஜில் பதில் வரும் என்று சொல்லிவிட்டு, என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு நாள் காத்திருந்து, நோட்டீசில் சொன்னபடியே ஆன்ஸர் என்று அனுப்பியிருக்கிறார். நான் தாராளமாகச் செய்யலாம் என்றேன். அவரும் தாராளமாகச் செய்தார்.

தேனீ தன் பெட்டியை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, பெட்டி இருந்த இடத்தைத்தான் வைத்துக்கொள்ளும். ஐம்பது அடி தள்ளி வைத்தால், வெளியே போன ஈ எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே பெட்டி இல்லாமல் சுற்றிச் சாகும். மாற்ற வேண்டுமானால் தினம் ஓர் அடி ஈரடியாக நகர்த்த வேண்டும். இல்லையென்றால் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ச் சில வாரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மோளே, நான் என்ன கேட்டேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது அக்கா."

"பின்ன எதுக்கு ஆமான்னு சொன்னே?"

பதில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் சட்டத்தைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு, படியில் நின்று, "தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லணும். அதுக்கு மெசேஜ் பைசா ஒண்ணும் கூடுதல் ஆவாது" என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கேள்வி தெரியாமல் இனி ஒரு பதிலும் என் விரலிலிருந்து போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபதம் என்றெல்லாம் இல்லை. வெட்கம்தான்.

அதற்குப் பிறகு ஆன்ஸர் வந்தால் நான் துப்பறிய ஆரம்பித்தேன். அந்த எண்ணிலிருந்து முன்னால் என்ன வந்தது, அதற்குப் பதில் போயிற்றா இல்லையா என்று பார்ப்பேன். போய்விட்டிருந்தால் அதற்கு ஏன் இப்போது நினைவூட்ட வேண்டும் என்று யோசிப்பேன். ஆபீஸ் போன் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டி வைத்து, யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் எண்ணோடு அதில் எழுத வேண்டும் என்று சாரையே எழுத வைத்தேன். மூக்கு சிவந்து நின்றால் சாரும் எழுதுவார். ஆனால் இதெல்லாம் ஊகத்தை நல்ல ஊகமாக்கும், அவ்வளவுதான். நல்ல ஊகமும் ஊகமே. கேட்டவரிடம் திரும்பக் கேட்டால்தான் கேள்வி கிடைக்கும்.

திரும்பக் கேட்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. 'என்ன கேட்டீர்கள்?' என்று அனுப்பினால், 'நேத்து கேட்டதுதான்' என்று வரும். ஒருவர் 'அதேதான்' என்று மட்டும் அனுப்பினார். அதற்கு ஆன்ஸரே தேவலை. அதனால் என் கையில் இருப்பதைச் சொல்லிக் கேட்கப் பழகினேன். 'உங்கள் எண்ணில் கடைசியாக வந்தது ரப்பர் பற்றிய கேள்வி. பதில் அனுப்பிவிட்டோம். இப்போது கேட்பது அதுவா, வேறா? வேறென்றால் எந்தப் பயிர், என்ன பிரச்சினை?' இப்படி அனுப்பினால் பத்தில் ஒன்பது பேர் நேராகச் சொல்லிவிடுவார்கள். பத்தாவது ஆளுக்குப் போன் போட வேண்டியதுதான்.

இனி நான் சொல்ல வந்த நாள்.

மாசி மாதம். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டு, தேனீக்காரர்களுக்கு வருடத்தின் பெரிய வரவு தொடங்கியிருந்தது. தளிர்க் காம்பில் தேன் சுரக்கிற அந்தச் சில வாரங்களில்தான் அவர்களுக்கு வருடச் சாப்பாடு. காலையில் ஆபீஸ் திறந்ததும் ஒரு செய்தி வந்து கிடந்தது. 'கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். மோளே சுகமா. நான் அன்னைக்கு அடை கொண்டு வந்த அக்கா. இப்போ பெட்டி இருபது ஆச்சு எல்லாம் தெய்வ கிருபை. வீட்டில் எல்லாருக்கும் சுகம். பின்ன' என்று இருந்தது.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. காலியான இரண்டு பெட்டியிலிருந்து இருபது பெட்டி! என் நெஞ்சில் இருந்த முள்ளை அவரே எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. 'மிக்க மகிழ்ச்சி அக்கா. உங்களுக்கும் வாழ்த்துகள்' என்று அனுப்பினேன். பச்சை. அன்று காலை முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன். சார்கூட, "என்னது, இண்ணைக்கு மூக்கு வெள்ளையா இருக்கு?" என்றார்.

மூன்றரை மணிக்கு ஆன்ஸர் என்று ஒரு செய்தி வந்தது. வேறு எண்.

எண்ணைத் தேடினேன். எட்டு நாள் முன்பு அந்த எண்ணிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. ஏத்தன் வாழையில் கறுப்பு அசுவினிப் பூச்சி, என்ன மருந்து, எப்போது அடிக்க? அன்றைக்கே பதில் போயிருந்தது, நான் எழுதிய பதில்தான். மருந்தின் பெயர், அளவு, 'காலையில் வெயில் ஏறுமுன் தெளிக்கவும்.' அதற்கு அவர் நன்றி என்றும் அனுப்பியிருந்தார். கேள்வி வந்து, பதில் போய், நன்றியும் வந்தாயிற்று. பிறகு எதற்கு ஆன்ஸர்?

சார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "வாழைக்காரரு மெசேஜை அழிச்சிருப்பாரு. அதே பதிலைத் திரும்பத் தட்டிவிடு. நாலு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும்."

நியாயமான ஊகம்தான். ஒரு வருடம் முன்பு என்றால் நானே செய்திருப்பேன். பழைய பதில் தயாராக இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

"சார், அவர் நன்றி சொன்னவரு. மெசேஜ் தொலைஞ்சு போயிருந்தா மருந்து பேரு என்னன்னு கேப்பாரு. ஆன்ஸர்னு ஏன் அனுப்பணும்? அது பதில் வராதவங்க அனுப்புறது."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"படிச்சிருந்தா மொதல்ல உங்க நோட்டீசு மேலதான் கேசு போட்டிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டு, நாலு மணி வரைதான் என்றார். நான் அந்த எண்ணுக்கு வழக்கம்போலத் திரும்பக் கேள்வி அனுப்பினேன். பதில் இல்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடியும். நான்காவது தடவை ஒரு ஆண் எடுத்தார். மூச்சு வாங்கியது. தோட்டத்திலிருந்து ஓடி வந்திருப்பார் போல.

விவரம் சொன்னேன். "நான் ஒண்ணும் அனுப்பல்லியே" என்றார். "எனக்கு நீங்க சொன்ன மருந்து வாங்கி வச்சாச்சு. நாளைக்கு வெளுப்பான் காலத்து, வெயில் ஏறும் முன்ன அடிக்க ஆளும் சொல்லியாச்சு."

போனை வைத்துவிட்டிருக்கலாம். அவருக்குக் கேள்வி இல்லை, எனக்கு வேலை முடிந்தது. ஆனால் செய்தி வந்தது அந்தப் போனிலிருந்து. போன் தானாக எழுதாது.

"உங்க போனை இண்ணைக்கு வேற யாராவது கையில வாங்கினாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ஆங், மத்தியானத்துக்கு மேல அந்தத் தேன்பெட்டிக்காரி வந்தா. அவளுக்க போன்ல பைசா தீந்து போச்சாம். ஒரு மெசேஜ் அனுப்பட்டான்னு கேட்டா, குடுத்தேன்."

தேன்பெட்டி. திரும்பக் கூப்பிடுவதாக அவரிடம் சொல்லி வைத்துவிட்டு, பச்சையாகக் கிடந்த காலைச் செய்தியைத் திறந்தேன். வாழ்த்து, சுகம், இருபது பெட்டி, தெய்வ கிருபை, 'பின்ன'. 'பின்ன' என்று யாராவது கடிதத்தை முடிப்பார்களா? எங்கள் பக்கத்தில் 'பின்ன' என்று சொன்னால் இனிமேல்தான் விஷயமே வரப்போகிறது என்று அர்த்தம். செய்தியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 1/2 என்று இருந்தது. ஒரு வருடமாக இந்தத் திரையைப் பார்க்கிறேன், அந்த எண் எதற்கு என்று எனக்குத் தெரியும். நீளமான எஸ்.எம்.எஸ். ஒன்றாகப் போகாது. துண்டு துண்டாகப் போய், இந்தப் பக்கத்தில் சேர்த்துக் காட்டப்படும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு துண்டுக்கு நூற்றைம்பத்து மூன்று எழுத்துதான். 1/2 என்றால் இரண்டில் ஒன்றுதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. முதல் துண்டோடு அக்காவின் காசு தீர்ந்திருக்கிறது.

அந்த நூற்றைம்பத்து மூன்று எழுத்தையும் அவர் என் நலம் விசாரிக்கச் செலவழித்திருந்தார். எங்கள் மனிதர்கள் அப்படித்தான். கடிதம் எழுதினாலும் எஸ்.எம்.எஸ். எழுதினாலும் கர்த்தரில் தொடங்கி, வீட்டில் உள்ள எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் காரியத்துக்கு வருவார்கள். எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதை இல்லை. அவரது கேள்வி இரண்டாம் துண்டில் இருந்தது. வராத துண்டுக்கு நான் 'உங்களுக்கும் வாழ்த்துகள்' என்று பதில் அனுப்பியிருந்தேன். முடித்துவிட்ட பெருமையில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

காசு தீர்ந்தாலும் வருகிற அழைப்பு வரும். அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ரப்பர்த் தோட்டத்துக்குள் ரேஞ்ச் இருக்காது. வாழைக்காரரை மறுபடி கூப்பிட்டேன்.

"அந்த அக்காவுக்க பெட்டி எங்க இருக்கு?"

"எனக்க வாழைக்கு அடுத்த ரப்பர்லதான். வேலிக்கு அந்தப் பக்கம்."

"உங்க வாழை பூத்திருக்கா?"

"பாதி மரம் கொலை தள்ளியாச்சு. பூ நிக்குது. ஈயும் நிறைய வருது. ஏன் கேக்கிய?"

இப்போது எனக்குக் கேள்வி ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய. அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கலாம். மூடலாமா என்று கேட்டிருக்கலாம். இல்லை, தேன் எடுக்கும் நேரம் பற்றி, சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டிருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை அவர் மனதில் இருந்ததை நானே எழுதிக்கொண்டு அவர் பெட்டியைக் காலி செய்தவள் நான்.

"அண்ணே, ஒரு உபகாரம். போனை எடுத்துட்டுப் போயி அந்த அக்கா கையில குடுங்க. நான் வைக்க மாட்டேன், லைன்ல நிக்கேன்."

"அது ஒரு கயத்தம் ஏறணுமே."

"ஏறுங்க அண்ணே."

என் குரலில் என்ன இருந்ததோ, மேடு ஏறினார். செருப்புச் சத்தமும் சருகுச் சத்தமும் எனக்குக் கேட்டன. இடையில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று பஸ் நேரத்தை மனதுக்குள் பார்த்தேன். அறுந்தால் நேரே போய்விடுவது என்று முடிவு செய்து, மேசைக்கு அடியில் கிடந்த செருப்பைக்கூடக் காலில் மாட்டிக்கொண்டேன். சார் கடிகாரத்தைக் காட்டினார். நாலு தாண்டியிருந்தது. அந்த ஒரு சிவப்போடு ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே அனுப்பினார்.

அக்காவின் குரல் வந்தது. "மோளே, எனக்கு வாழ்த்து வேண்டாம், பதிலு வேணும்."

"அக்கா, உங்க மெசேஜ்ல பாதிதான் வந்துது. கேள்வி வரல்ல. நீங்க என்ன கேட்டியன்னு எனக்குத் தெரியல்ல. இப்பம் சொல்லுங்க."

"தெரியல்லன்னு சொல்லுதியா?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை. பிறகு சொன்னார்.

நாளைக் காலை பக்கத்து வாழைக்கு மருந்து அடிக்கப் போகிறார்கள். அதை இன்று காலையில்தான் கேள்விப்பட்டிருக்கிறார். இருபது பெட்டியையும் இன்றைக்குள் மாற்ற வண்டியும் இல்லை, இடமும் இல்லை. அதனால் விடியும் முன்னே பெட்டி வாசலைத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டால் போதுமா, எத்தனை நேரம் அடைத்து வைக்கலாம்? இதுதான் கேள்வி. பகல் முழுக்க அடைத்து வைக்கும் யோசனையில் இருந்தார். மாசி வெயிலில், காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள், வரவுக் காலத்தில் நிறைந்து கிடக்கும் ஈ சூட்டில் செத்திருக்கும். அடைக்காமல் விட்டால் வாழைப் பூவில் மருந்து பட்டுச் செத்திருக்கும். அந்த இருபது பெட்டியும் சங்கத்தில் கடன் வாங்கி வைத்தது என்றார். அவர் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்ல எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அதில் பாதி அக்காவுக்கு இல்லை, வாழைக்காரருக்கு. காலையில் அடிக்கச் சொன்னது யார்? நான். பக்கத்தில் தேன்பெட்டி உண்டா, வாழை பூத்திருக்கிறதா என்று எட்டு நாள் முன்பு நான் அவரிடம் கேட்கவில்லை. முழுக் கேள்வி வந்த இடத்திலும் கேட்க வேண்டியது மிச்சம் இருந்தது. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, என் தப்பை ஒத்துக்கொண்டேன்.

"அசுவினி இலைக்கவட்டுலயும் தண்டுக்கு அடியிலயும்தான் இருக்கும் அண்ணே. பூவுல மருந்து பட வேண்டாம். காலையில அடிக்கண்டாம். நாளைக்கு அந்திக்கு, ஈ எல்லாம் கூட்டுக்குப் போன பெறகு அடிச்சாப் போதும்."

"ஆளுக்கு வெளுப்பான் காலத்துக்குல்லா சொல்லியிருக்கு. நீங்கதான காலையிலன்னு போட்டிய?"

"நான்தான் போட்டேன். தெரியாமப் போட்டேன். இப்பம் மாத்திச் சொல்லுதேன்."

அவர் முனகினார். பக்கத்தில் அக்கா ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "செரி, பக்கத்துல இருக்கவளுக்க பிழைப்பைக் கெடுத்துட்டு எனக்கு ஏத்தன் கொலை எதுக்கு" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

அக்காவிடம் மீண்டும் சொன்னேன். நாளை அந்திக்கு ஈ எல்லாம் உள்ளே ஏறிய பிறகு வாசலைக் கம்பி வலை வைத்து அடையுங்கள், துணி வேண்டாம், காற்றுப் போக வேண்டும். மறுநாள் மருந்து காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில் திறந்துவிடுங்கள், அதற்கு மேல் வெயிலில் அடைத்து வைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னார். நான் சரி என்றேன். இந்த முறை எதற்குச் சரி என்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

போனை வைத்தபோது காது சுட்டது. சார் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தார். நான் நோட்டீசை எடுத்து அவர் முன்னால் வைத்து, கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: 'பதில் வராவிட்டால் கேள்வியை முழுதாகத் திரும்ப அனுப்பவும். கேள்வியை முதலில் எழுதவும். வாழ்த்தைப் பிறகு எழுதலாம். வேறொருவர் போனிலிருந்து அனுப்பினால் உங்கள் பெயரையும் எழுதவும்.'

சார் வாசித்தார். "வாழ்த்தைப் பிறகு எழுதலாம்னு போட்டா சனங்க மொகம் சுளிக்கும்."

"சுளிக்கட்டும்."

"அச்சடிச்ச நோட்டீசு ஆயிரம் மிச்சம் கிடக்கே."

"அதுக்க முதுகுல கேள்வி எழுதிப் பழகச் சொல்லிக் குடுப்போம்."

புது நோட்டீஸ் அடித்தார்கள். ஆன்ஸர் வருவது நிற்கவில்லை, குறைந்தது. வந்த ஒவ்வொன்றுக்கும் நான் திரும்பக் கேட்டேன். மாத ரிப்போர்ட்டில் எங்கள் மையத்தில் மட்டும் பதில் தாமதம் அதிகம் என்று மேலிருந்து கடிதம் வந்தது. சார் அதற்கு என்னைக் கேட்காமலே பதில் எழுதினார். 'கேள்வியைக் கண்டுபிடிக்க நேரம் ஆகிறது' என்று ஒரே வரி.

மருந்தடித்த மறுநாள் நான் காலையிலிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கூப்பிட்டேன், ரேஞ்ச் இல்லை. பன்னிரண்டரைக்கு அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. காசு போட்டுவிட்டார் போல. ஓரத்தில் 1/2, 2/2 ஒன்றும் இல்லை. வாழ்த்தும் இல்லை, கர்த்தரும் இல்லை.

'இருபது பெட்டிலயும் ஈ உண்டு. இது கேள்வி இல்ல மோளே. பதில் வேண்டாம்.'

சாயங்காலம் சார் வந்து, "ஒண்ணு சிவப்பா நிக்குதே" என்றார். நிற்கட்டும் என்றேன்.